நான்-டெய்ரி என்று சொல்லி விற்ற கேக்கில் பால் இருந்தது

வீட்டில் பால் அலர்ஜி உள்ள குழந்தை இருந்தால், கேக் சொல்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுக்கு ஊர் பாபநாசம் பக்கம். மகனின் மூன்றாவது பிறந்தநாளுக்குக் கும்பகோணத்தில் ஒரு பேக்கரியில் கேக் சொன்னோம். "அண்ணே, பையனுக்குப் பால் ஆகாது, ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது" என்று நான் இரண்டு தடவை சொன்னேன். "கவலைப்படாதீங்கம்மா, முட்டையும் இல்ல, பாலும் இல்ல, எண்ணெயும் தண்ணியும் ஊத்திப் போடுற கேக், மேல வர்ற கிரீமும் நான்-டெய்ரி" என்றார். நம்பி வாங்கினேன்.

குழந்தை நாலு வாய்தான் சாப்பிட்டான், அதுவும் பெரும்பாலும் மேலே இருந்த கிரீம். பத்து நிமிஷத்தில் உதடு வீங்கி, வயிறெல்லாம் தடித்து, வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டான். ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். தடிப்போடு வாந்தியும் சேர்ந்து வந்தால் அரிப்புக்கான சிரப்பைக் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது, உடனே கூட்டி வரவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

மறுநாள் கடைக்குப் போய் கிரீம் பெட்டியைக் காட்டச் சொன்னேன். முன்பக்கம் பெரிதாக நான்-டெய்ரி. பின்பக்கம் பொடி எழுத்தில் தண்ணீர், தாவர எண்ணெய், சர்க்கரை, அப்புறம் சோடியம் கேசினேட். அது வேறொன்றுமில்லை, பாலில் இருக்கிற கேசின் என்ற புரதம்தான். கிரீம் நுரைத்து நிற்பதற்காகச் சேர்க்கிறார்கள். பாலாடையும் வெண்ணெயும் இல்லை என்பதால் அந்தப் பெயர், ஆனால் அலர்ஜி வருவதே இந்தப் புரதத்தால்தான். பட்டியலுக்குக் கீழே 'கன்டெய்ன்ஸ் மில்க்' என்றும் இருந்தது. கடைக்காரர் அதைப் படித்ததே இல்லையாம். படிக்காத ஒருவர் எந்த தைரியத்தில் எனக்கு உறுதி கொடுத்தார் என்று இப்போதும் கோபம் அடங்கவில்லை.

கேசினேட் மட்டுமில்லை, வே பவுடர், மில்க் சாலிட்ஸ், பட்டர் ஆயில் என்று எந்தப் பெயரில் வந்தாலும் பால்தான். பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள், நம் நாட்டில் பால் சைவம், அதனால் அந்தப் புள்ளிக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்லை. எக்லெஸ் கேக்கில் முட்டைக்குப் பதிலாகத் தயிரோ கண்டென்ஸ்டு மில்க்கோ ஊற்றுவதுதான் வழக்கம்.

இன்னொன்று, 'மே கன்டெய்ன் மில்க்' என்ற வரி. பால் சேர்த்த பண்டம் ஓடிய அதே மெஷினில் இதுவும் ஓடியது, ஒட்டியிருக்கலாம் என்று அர்த்தம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளில், சேர்த்த பாலைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஆனால் இப்படி ஒட்டியிருக்கக்கூடியதைச் சொல்வது கம்பெனியின் விருப்பம். அதனால் அந்த வரி இருந்தால் நான் வாங்குவதில்லை, இல்லாவிட்டாலும் புதிய பிராண்ட் என்றால் கம்பெனிக்குப் போன் போட்டு அதே மெஷினில் பால் பண்டம் ஓடுகிறதா என்று கேட்கிறேன்.

பேக்கரியில் தட்டில் வைத்து விற்பதற்கு லேபிளே கிடையாது. அங்கே கிரீம், மார்ஜரின் இரண்டின் பெட்டியையும் பின்பக்கம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மாட்டேன் என்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.