ஸ்டீரியோவை மோனோவாக்கும்போது குரல் எங்கே போகிறது? இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக் குறிப்பு

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களிலும் சேலத்து வீடுகளிலும் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்ய, ஸ்டீரியோவில் எழுதும் கைப்பதிவுக் கருவி ஒன்று இரண்டு ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. கேட்கிறவர்களிடம் இருப்பது போன் ஸ்பீக்கர், ஊர்ப் பக்கம் போனால் கூம்பு ஸ்பீக்கர். அதனால் கோப்பை மோனோவாக்கியே தர வேண்டியிருக்கிறது. ffmpeg-இல் `-ac 1` என்று ஒரே கட்டளையில் முடித்துவிடலாம்தான். ஆனால் அது இடது பாதி, வலது பாதி எடுத்துக் கூட்டுகிறது, அவ்வளவே. கூட்டலில் குரல் தப்புமா என்று அது பார்ப்பதில்லை.

கருவியின் சொந்த மைக் இரண்டும் ஒரே புள்ளியில் குறுக்காக நிற்கும் வகையாக இருந்தால் கவலையில்லை. ஒலி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேரும். தொல்லை எல்லாம் வெளி மைக் மாட்டும்போதுதான்.

மிக மோசமானது கேபிளில் வரும். மேடை மைக்கின் மூன்று முள் பேலன்ஸ்டு லைனை 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னாக மாற்றும் மலிவு வயரில், நேர் சிக்னல் இடதுக்கும் அதன் தலைகீழ்ப் பிரதி வலதுக்கும் போய்விடும். ஹெட்போனில் குரல் நன்றாகவே கேட்கும். நடுவில் நிற்காமல் மண்டைக்குப் பின்னால் பரவிக் கிடப்பதுபோல் இருப்பது மட்டுமே அடையாளம். மோனோவாக்கினால் குரல் காணாமல் போய், கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் ஹம் மட்டும் மிஞ்சும். வயர் வாங்கிக்கொள்ளும் இரைச்சல் இரண்டு பக்கமும் ஒரே திசையில் ஏறுகிறது, குரல் எதிர்த் திசைகளில் ஏறுகிறது. கூட்டினால் குரல் அழிகிறது, இரைச்சல் நிற்கிறது. மருந்தும் அதிலேயே இருக்கிறது: கூட்டாமல் கழித்தால் குரல் வரும், ஹம் போகும்.

```
ffmpeg -i in.wav -af "pan=mono|c0=0.5*c0-0.5*c1" out.wav
```

ஆடாசிட்டியில் செய்வதென்றால் ஸ்டீரியோ டிராக்கைப் பிரித்து, வலதுக்கு மட்டும் `Invert` கொடுத்து, பிறகு கலக்கலாம்.

இரண்டாவது வகை இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. மேசையில் இரண்டு மைக் வைத்திருக்கிறோம், பேசுகிறவர் வாயிலிருந்து ஒன்று 30 செ.மீ., மற்றது 64 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 34 செ.மீ. ஏற்காட்டின் 20 டிகிரியில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும், எனவே தாமதம் ஒரு மில்லிசெகண்ட். (சேலத்தில் 35 டிகிரியில் 352 மீட்டர் ஆகும். வேகத்தை மாற்றுவது வெப்பம்தான், மலையின் உயரம் அல்ல.) ஒரு மில்லிசெகண்ட் என்பது 500 ஹெர்ட்ஸுக்குச் சரியாக அரைச் சுற்று. எனவே கூட்டும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும், 1000, 2000-இல் மேடு எழும். குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

தூரத்து மைக்கில் ஒலி பாதியைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதால் பள்ளம் முழுப் பள்ளமாக விழாது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சுமார் 9 டெசிபல்தான் வித்தியாசம். ஆனால் கருவியின் ஆட்டோ லெவல் தூரத்து மைக்கைத் தனியாக ஏற்றிச் சமப்படுத்தினால், பள்ளம் ஆழமாகிவிடும். வெளி மைக் வேலையில் ஆட்டோ லெவலை அணைத்துவிடுவதே நல்லது.

பிந்தி வரும் சேனலை 48000 சாம்பிள் கோப்பில் 48 சாம்பிள் முன்னே நகர்த்தினால் சரியாகும் என்று கணக்கு சொல்லும். பேசுகிறவர் தலையைத் திருப்பியதும் கணக்கு கலையும். எதிரெதிரே இருவர், ஆளுக்கொரு மைக் என்றால் நிலைமை இன்னும் மோசம்: ஒருவருக்காக நகர்த்தினால் மற்றவரின் தாமதம் இரண்டு மில்லிசெகண்டாக இரட்டிக்கும். அங்கே ஒருவர் பேசும் நேரத்தில் மற்றவர் மைக்கை 10, 12 டெசிபல் இறக்கிவிட்டுக் கூட்டுவதுதான் வழி. ஒரே ஆள் என்றால் அருகு மைக் சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அது இடது என்றால் இப்படி:

```
ffmpeg -i in.wav -af "pan=mono|c0=c0" out.wav
```

கூட்டினால் ஒரு லாபம் உண்டு. இரண்டு சேனலிலும் ஒரே குரல், தனித்தனி ப்ரீஆம்ப் இரைச்சல் என்றால் இரைச்சல் 3 டெசிபல் தாழும். அருகில் வைத்த மைக்கில் அந்த 3 டெசிபலுக்காகக் குரலைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

கூட்டலாமா என்று முன்கூட்டியே அறிய, இடதை மட்டும் ஒருமுறை, கூட்டியதை ஒருமுறை அளக்கிறோம்:

```
ffmpeg -i in.wav -af "pan=mono|c0=c0,volumedetect" -f null -
ffmpeg -i in.wav -af "pan=mono|c0=0.5*c0+0.5*c1,volumedetect" -f null -
```

`mean_volume` இரண்டிலும் ஒன்றாக இருந்தால் இரண்டு சேனலும் ஒன்றையொன்று ஒத்தவை. 3 டெசிபல் குறைந்தால் தொடர்பில்லாத ஒலிகள். அதற்கும் கீழே போனால் அழிவு நடக்கிறது. இரண்டு சேனலும் ஒரே உயரத்தில் இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும். வலது வெறுமையாக இருந்தாலே 6 டெசிபல் குறையும், அதை அழிவு என்று எண்ணக் கூடாது. தகர டப்பாக் குரலை இந்த எண் காட்டிக்கொடுக்காது, அதற்குக் காதுதான் வேண்டும்.