பெயர் போனாலும் பக்கற் தெரியவேண்டும்: ஒரே நாளில் மாற்றுவதா, படிப்படியாக மாற்றுவதா?

கிளிநொச்சியில் கறித்தூள் அரைத்துப் பக்கற்றில் விற்கும் ஒரு சிறு மில்லை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலுள்ள நிறுவனமொன்று, அதே பெயரைத் தான் ஏற்கெனவே வியாபாரக் குறியாகப் பதிவுசெய்துள்ளதாகச் சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்புகிறது. மில்காரர் பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவை எடுத்துக் காட்டுகிறார். அது தொழிலை யார் நடத்துகிறார் என்பதற்கான பதிவேயன்றி, பொருளின் குறிக்குக் காப்பல்ல. அந்தக் காப்பு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் செய்யும் பதிவினால் கிடைப்பது. ஆகவே பெயரை மாற்றுவதென்று முடிவாகிறது. இனி அவர் முன்னுள்ளவை இரண்டு வழிகள்.

பெயருக்கு முன்னால் 'வன்னி' என்றோ 'புதிய' என்றோ சேர்த்துத் தப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதை நான் மூன்றாவது வழியாக எண்ணவில்லை. வாடிக்கையாளர் காதில் விழும் முக்கியச் சொல் அப்படியே இருக்குமானால் குழப்பமும் அப்படியே இருக்கும்; ஊர்ப் பெயரோ எவரும் பயன்படுத்தக்கூடியது.

முதல் வழி, குறித்த நாளில் பழைய பக்கற்றுகள் அனைத்தையும் மீளப்பெற்றுப் புதியவற்றை வைப்பது. வழக்கு நெருங்கும்போது இதுவே பாதுகாப்பானது. ஆனால் ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ உள்ள சிறு கடையில், அம்மா சொல்லிவிட்ட பெயரைக் கேட்டு வரும் பிள்ளையிடம் கடைக்காரர் "அது இப்ப வாறதில்லை" என்று சொல்லிவிட்டால், அந்த இடத்தில் வேறொருவரின் தூள் விற்றுவிடும்.

இரண்டாவது வழி, எதிர்த்தரப்புடன் எழுத்தில் உடன்பட்டு, ஒரு காலத்துக்குப் பழைய உறைகளைத் தீர்த்துக்கொண்டே, புதிய உறைகளில் புதிய பெயரைப் பெரிதாகவும் 'முன்னர் இன்ன பெயர்' என்பதைச் சிறிதாகவும் அச்சிடுவது. 'முன்னர்' என்று போடுவதும் அந்தக் குறியைப் பயன்படுத்துவதாகவே வாதிடப்படலாம் என்பதால், எழுத்தின் அளவு, பக்கற்றின் எந்தப் பக்கம், எந்தத் திகதிவரை என்பன உடன்படிக்கையில் இருக்கவேண்டும். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2013இல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஸ்கைடிரைவ் என்ற தன் இணையச் சேமிப்புச் சேவையின் பெயர் தொடர்பான வழக்கில் தோற்றபின், எதிர்த்தரப்புடன் உடன்பட்டு இத்தகைய இடைக்காலத்தைப் பெற்றது. 2014இல் அந்தச் சேவை வன்டிரைவ் ஆனது.

எவ்வளவு காலம் கேட்பது? இருப்பிலிருந்து கணக்கிடவேண்டும். பழைய பெயரில் அச்சிட்ட உறைகள் 24,000 இருந்து, வாரம் 3,000 பக்கற் போகிறதென்று கொண்டால், அவை தீர 8 வாரங்கள். கடைசியாகப் போனவை ஒதுக்குப்புறக் கடைகளின் தட்டில் தீர இன்னும் 4 வாரங்கள். விற்பனை மந்தமானால் தாங்குவதற்கு 4 வாரங்கள் சேர்த்து, 16 வாரங்கள் கேட்பது நியாயம். உறை சும்மா கிடக்கிறதே என்று ஓராண்டு கேட்டால் எதிர்த்தரப்பு எதற்கும் இணங்காமல் போகலாம்.

அடையாளத்தைக் காப்பது பெயரைவிடப் பக்கற்றின் தோற்றம்தான். சிவப்பு நிறம், மிளகாய்ப் படம், எழுத்து நிற்கும் இடம் ஆகியவற்றை அப்படியே விட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் கண் முதலில் பழையதையே காணும். மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்., இயற்கைப் பாதுகாப்பு நிதியத்துடனான வழக்குக்குப் பின் 2002இல் கடைசி எழுத்தை மாற்றியபோது, கீறலாக வரைந்த டபிள்யூ வடிவத்தை விடவில்லை. செலவிலும் இது உதவும்: சிலிண்டர் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சிலிண்டர் என்பதால், பெயர் கறுப்பில் மட்டும் இருந்தால் அந்த ஒன்றைப் புதிதாகச் செய்தால் போதும்; சிவப்பின் நடுவே வெள்ளையாக விட்ட எழுத்தென்றால் சிவப்புச் சிலிண்டரையே மாற்றவேண்டும். ஆனால் கடிதம் நிறத்தையும் படத்தையும் சேர்த்து எதிர்த்திருந்தால் இந்த வசதி இல்லை. அப்போது முதல் வழியே மிஞ்சும். ஆகவே கடிதத்தில் குறிப்பிட்டிருப்பது சொல் குறியா, உருவக் குறியா என்பதை முதலில் பாருங்கள்.

இடறும் இடம் ஒன்றுண்டு. பெயர் மாறினால் பார்கோட் எண்ணும் புதிதாக வேண்டும். அதைச் சுப்பர் மார்க்கெட்டுக்கு முன்கூட்டிக் கொடுக்காவிட்டால் காசாளர் இயந்திரம் பொருளை அறியாது. சங்கக்கடைக்கும் சிறு கடைக்கும் அந்தப் பிரச்சினை குறைவு. அங்கே முகவர் நேரில் போய் இரண்டு பக்கற்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவதே வேலை.

எதிர்த்தரப்பு கையெழுத்திடுமானால் இரண்டாவது வழியையே நான் எடுப்பேன். அது பலிக்கிறதா என்பதை, கடைக்காரர்கள் தொலைபேசியில் சரக்குச் சொல்லும்போது எந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்று கொப்பியில் குறித்துவந்தால் அறியலாம். பத்தாவது வாரத்திலும் பாதிப்பேர் பழைய பெயரையே சொன்னால், முகவரை அந்தக் கடைகளுக்கு மீண்டும் அனுப்ப இன்னும் 6 வாரங்கள் கையிலிருக்கும்.