பின்மண்டை வழுக்கை: தேய்த்ததால் போனதா, தானாகக் கொட்டியதா?

தங்கை மகனுக்குப் பதினொரு வாரம் ஆனபோது அவன் பின்மண்டையில், ஒரு காதிலிருந்து மறு காது வரை, பட்டையாக முடி போய்விட்டது. ரங்கூன் வெக்கையில் பாயில் படுத்துத் தலையை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டே இருப்பான். "தேய்த்துத் தேய்த்தே வழித்துவிட்டான்" என்றார் அப்பத்தா. மொட்டை போடலாம், குப்புறப் படுக்க வைக்கலாம், நடுவில் குழிவிட்ட தலையணை வாங்கலாம் என்று வீட்டில் ஆளுக்கொரு யோசனை. எதைச் செய்வது என்பது, முடி ஏன் போனது என்பதைப் பொறுத்தது.

உராய்வுதான் காரணம் என்பதை நம்புவது எளிது. தலை எங்கே பாயில் படுகிறதோ அங்கேதான் வழுக்கை. ஆனால் அதே இடத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வயிற்றில் இருக்கும்போதே குழந்தையின் தலைமுடி வளரத் தொடங்கிவிடுகிறது. நெற்றி, உச்சிப் பக்கத்து முடிகள் பிறப்பதற்கு முன்பே வளர்ச்சியை முடித்து, உதிர்ந்து, மறுபடி முளைக்கும் சுற்றுக்குள் போய்விடும். பின்மண்டை முடி மட்டும் பிரசவம் வரை வளர்ந்துகொண்டே இருந்து, பிறகு மொத்தமாக ஓய்வுக்குப் போகிறது. அந்த ஓய்வு இரண்டு மூன்று மாதம் நீளும். அது முடிந்ததும் ஒரே நேரத்தில் கொட்டும். அதனால்தான் இந்தப் பட்டை பெரும்பாலும் 2 முதல் 4 மாதத்துக்குள் தெரியவருகிறது. உருட்டுவது, எப்படியும் விழ இருந்த முடியைக் கொஞ்சம் சீக்கிரம் தட்டிவிடலாம், அவ்வளவுதான்.

இரண்டில் எது என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். வெள்ளைத் துணியில் படுக்க வைத்து, விழுந்த முடி ஒன்றை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு முனையில் ஊசித் தலையைவிடச் சின்னதாக ஒரு வெள்ளை முடிச்சு. அப்படியென்றால் முடி வேரோடு, தன் காலம் முடிந்து விழுந்திருக்கிறது. உராய்ந்து முறிந்திருந்தால் முடிச்சு இருக்காது, தோலில் குட்டைக் கட்டைகள் நிற்கும். அவன் தோல் வழவழப்பாக இருந்தது. சிவப்போ செதிலோ இல்லை.

சரி, யோசனைகளுக்கு வருவோம். மொட்டை போட்டால் திட்டு கண்ணுக்குத் தெரியாது, அது உண்மை. ஆனால் கத்தி வெட்டுவது தோலுக்கு மேலே இருப்பதைத்தான். அடியில் இருக்கும் வேருக்கு அது தெரியவே தெரியாது. மறுபடி வரும் முடியின் நுனி மழுங்கலாக இருப்பதால் அடர்த்தியாகத் தோன்றுகிறது. கோவில் வேண்டுதலுக்கு மொட்டை போடுங்கள், அதை நான் தடுக்க மாட்டேன். வழுக்கைக்காக மூன்று மாதக் குழந்தையின் தலையில் கத்தி வைக்க வேண்டியதில்லை.

குப்புறப் படுக்க வைத்துத் தூங்கவிடுவதும் தலையணையும் ஒரே ரகம். லாபம் ஒன்றுமில்லை, ஆபத்து பெரிது. தூக்கத்தில் திடீரென்று குழந்தை இறந்துபோவது குப்புறத் தூங்கும்போதுதான் அதிகம். தலையணை, அது குழிவிட்டதானாலும், மூச்சை அடைக்கலாம். முதல் வருடம் முழுக்க மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும், தட்டையான, கெட்டியான படுக்கையில், தலையணை இல்லாமல்.

விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்க, இரண்டு மூன்று நிமிடம், நாளுக்குப் பல தடவை குப்புறப் போடுவது வேறு விஷயம். அதைத் தங்கை செய்தாள். முடிக்காக அல்ல, மண்டை தட்டையாகாமல் இருக்க. உண்மையில் கவனிக்க வேண்டியது அதுதான். வழுக்கை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக இருந்தால், குழந்தை எப்போதும் ஒரே பக்கம் திரும்பிப் படுக்கிறது என்று பொருள். மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் தட்டையாகி, அந்தப் பக்கத்துக் காது சற்று முன்னால் தள்ளியிருக்கும். குழந்தை வெளிச்சத்தை, அம்மா வரும் வாசலைப் பார்த்துத்தான் திரும்பும். தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போட்டால் மறுபக்கம் திரும்பும். மாற்றியும் திரும்பவில்லை என்றால் கழுத்துத் தசை இறுக்கமாக இருக்கலாம். அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்னும் சிலவற்றுக்கும் மருத்துவர் வேண்டும்: செதிலோடு முறிந்த முடியும் இருக்கும் திட்டு (இது படர்தாமரையாக இருக்கலாம், தலையில் வந்தால் களிம்பு மட்டும் போதாது), பிறந்தபோதே முடியில்லாத வடுப்போன்ற இடம், சொறிந்து சொறிந்து தூங்காத குழந்தை. உச்சியில் எண்ணெய்ப் பிசுக்கான மஞ்சள் பொருக்கு மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டு பர்மிய அம்மா, தனக்கா என்ற மரப்பட்டையை அரைத்துத் தடவச் சொன்னார். கன்னத்துக்குச் சரி, மண்டைக்கு வேண்டாம் என்று தங்கை சிரித்துச் சமாளித்தாள். கடைசியில் எதுவும் செய்யாமல் விட்டோம். ஆறாம் மாதம் பட்டை முழுக்கப் பூனைமுடி போல முளைத்திருந்தது, பழைய கறுப்பை விடக் கொஞ்சம் செம்பட்டையாக. அப்பத்தாவுக்கு இப்போது அந்த நிறம்தான் கவலை.