குழந்தை எடை வரைபடத்தைத் தமிழாக்க மூன்று வழிகள்: படத்தைத் தொடாத வழியே என் தேர்வு

மஸ்கட்டில் இருக்கும் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் நிறைந்திருந்தது. மருத்துவமனையில் கொடுத்த கையேட்டில் இருந்த எடை வரைபடத்தைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினாள். எடை 4.6 கிலோ. நர்ஸ் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தார். ஊரில் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. "அந்தக் கோடெல்லாம் என்னன்னு தமிழ்ல எழுதிக் கொடு" என்றார். ஒரே படத்தை மூன்று விதமாகச் செய்து பார்த்த பிறகுதான் ஒன்றில் நின்றேன்.

படம் உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சித் தரவரைபடம். பிறப்பு முதல் ஐந்து வயது வரையிலான பெண் குழந்தைகளுக்கானது. கீழே வயது, பக்கத்தில் கிலோ, நடுவில் ஐந்து வளைகோடுகள். கோடுகளின் வலது முனையில் 3, 15, 50, 85, 97 என்று எண்கள். எல்லா எண்ணும் ஏற்கெனவே நமக்குப் படிக்கத் தெரிந்த எண்தான், பத்து சொற்களை மாற்றினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முதல் வழி, படத்தின் மேலேயே ஆங்கிலத்தை அழித்துவிட்டுத் தமிழை எழுதுவது. கைபேசி கேமரா மொழிபெயர்ப்பு இதைத் தானே செய்துவிடும். நாமே செய்வதானால் வெள்ளைப் பெட்டி வைத்து மூடி மேலே தட்டச்சு செய்யலாம். பார்க்க அழகாக இருக்கும், ஐந்து நிமிட வேலை. தலைப்பும் 'எடை (கிலோ)' என்ற அச்சுப் பெயரும் நன்றாகவே வந்தன. கோட்டு முனைகளில்தான் சிக்கல். 15 என்ற எண்ணின் பக்கத்தில் தமிழ்ச் சொல் வைக்க இடம் போதவில்லை. கொஞ்சம் கீழே தள்ளினால் அது 3 கோட்டின் பெயர் போலத் தெரிந்தது. வெள்ளைப் பெட்டி கட்டக் கோடுகளை மறைத்ததால் கிலோவை விரலால் பின்தொடரவும் முடியவில்லை.

இரண்டாவது வழி, எண்களை எடுத்து வரைபடத்தை முழுக்க மறுபடி வரைவது. இந்தப் படத்துக்கு அது சாத்தியம், ஏனென்றால் மாதவாரியான அட்டவணைகளை அந்த நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. கோட்டைப் பார்த்து எண்ணை ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் விரிதாளில் ஒரு பொறி இருக்கிறது. அட்டவணையிலிருந்து 0, 1, 2, 3, 6, 9, 12 என்று சில மாதங்களை மட்டும் எடுத்துச் சாதாரணக் கோட்டு வரைபடம் போட்டால், எல்லா மாதங்களுக்கும் இடையே ஒரே அளவு இடைவெளி விழும். மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவே மூன்று மாதம் இருப்பது படத்தில் தெரியாது, வளைவின் வடிவமே மாறிவிடும். சிதறல் வரைபடமாகப் போட்டால் இது வராது. இன்னொன்று, நர்ஸ் வைத்த பேனாப் புள்ளியை நான் மறுபடி வைக்க வேண்டும். அப்போது அது அவர் வைத்த புள்ளி இல்லை, நான் வைத்த புள்ளி.

மூன்றாவது வழியைத்தான் தேர்ந்தெடுத்தேன். படத்தைத் தொடவே இல்லை. மொழிபெயர்க்க வேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஒரு சிறு வட்ட அடையாளம், படத்துக்குக் கீழே தமிழில் குறிப்புப் பட்டியல். அடையாளத்துக்கு அ, ஆ, இ என்று எழுத்து வையுங்கள், எண் வைக்காதீர்கள். முதலில் நான் எண் வைத்தேன். மூன்றாம் அடையாளத்தையும் 3 கோட்டையும் அம்மா ஒன்றென்று எடுத்துக்கொண்டார். எழுத்துக்கு மாற்றியதும் அந்தக் குழப்பம் போய்விட்டது.

இந்த வழியை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் ஒன்றே ஒன்று. எண்ணுக்குப் பொருள் தருவது பக்கத்தில் இருக்கும் சொல். அந்தச் சொல்லுக்குத் தமிழில் ஒற்றைச் சொல் போதாத இடங்கள் உண்டு. கோட்டு முனையில் ஒற்றைச் சொல்லுக்கு மேல் இடமில்லை, பட்டியலில் ஒரு முழு வாக்கியத்துக்கே இடமிருக்கிறது. இந்தப் படத்தில் அப்படி மூன்று இடங்கள்.

முதலாவது அந்த 15. ஆங்கிலத்தில் அது பெர்சென்டைல். கேமரா அதைச் 'சதவீதம்' ஆக்கிவிட்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளை பதினஞ்சு சதவீதம்தான் இருக்காமே, நூத்துக்கு பதினஞ்சா?" என்று கலங்கிப்போனார். தேர்வு மதிப்பெண் போல அவருக்குப் பட்டிருக்கிறது. 50 கோட்டில் இருக்கும் குழந்தை இருக்க வேண்டிய எடையில் பாதிதான் இருக்கிறது என்றும் இப்படியே படிக்கலாம். உண்மையில் 50 கோடுதான் நடுக்கோடு. நூற்றுமானம் என்று சொல் இருக்கிறது, புள்ளியியல் படித்தவருக்குப் புரியும். பட்டியலில் நான் இப்படி எழுதினேன்: "இதே வயதுள்ள 100 பெண் குழந்தைகளை எடை குறைந்தவரிலிருந்து வரிசையாக நிறுத்தினால், இந்தக் கோட்டுக்குக் கீழே சுமார் 15 பேர் இருப்பார்கள். இது மதிப்பெண் அல்ல." அம்மா உடனே, "அப்போ வரிசையில அவ எந்த இடத்துல நிக்கிறான்னுதானே?" என்று கேட்டார். அதேதான்.

இதோடு ஒட்டிய ஆபத்து ஒன்று. இதே நிறுவனம் இதே தரவுக்கு இன்னொரு வகை வரைபடமும் போடுகிறது. அதில் கோடுகளுக்கு 3, 2, 0, -2, -3 என்று பெயர். எடைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை அளக்கும் அலகுக்குத் திட்டவிலக்கம் என்று பெயர்; நடுவிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி என்பது அந்த எண்களின் பொருள். அங்கே 3 என்பது எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கோடு. நம் படத்திலோ 3 எல்லாவற்றுக்கும் கீழே உள்ளது. எந்த வகை என்பது தலைப்பில்தான் எழுதியிருக்கும். படமெடுக்கும்போது தலைப்பை வெட்டிவிட்டால் ஒரே எண் நேர் எதிரான பொருள் தந்துவிடும். மங்கிய படத்தில் -2இன் கழித்தல் குறி காணாமல் போவதும் சகஜம். வெட்டுப்பட்ட படம் வந்தால் நடுக்கோட்டின் எண்ணைப் பாருங்கள். நடுக்கோடு 0 என்றால் அது திட்டவிலக்க வகை, 50 என்றால் வரிசை வகை. தெளிவாகத் தெரியாவிட்டால் மறுபடி படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வயது அச்சு. ஆங்கிலத்தில் 'நிறைந்த மாதங்களும் ஆண்டுகளும்' என்ற பொருளில்தான் எழுதியிருக்கிறது. நான் முதலில் 'வயது (மாதம்)' என்று சுருக்கினேன். ஆங்கிலத்தில் இது சின்ன இழப்பாக இருந்திருக்கலாம், தமிழில் பெரிய இழப்பு. நாம் நடக்கிற மாதத்தைச் சொல்கிறவர்கள். இரண்டு மாதம் நிறைந்த குழந்தைக்கு அம்மா "மூணாம் மாசம் நடக்குது" என்றார், அச்சில் 3 மாதத்துக்கான கோட்டில் விரலை வைத்தார். விளைவைப் பாருங்கள். இரண்டு மாதம் நிறைந்த பெண் குழந்தைக்கு நடு எடை 5.1 கிலோ, 15 கோடு ஏறத்தாழ 4.5. நம் 4.6 அதற்குச் சற்று மேலே. மூன்று மாதம் நிறைந்த குழந்தைக்கு நடு எடை 5.8, அங்கே 4.6 என்பது எல்லாவற்றுக்கும் கீழே உள்ள 3 கோடு. எடை மாறவில்லை, நர்ஸ் எழுதியதும் மாறவில்லை. அச்சுப் பெயரில் நான் விட்ட ஒரு சொல்லால் குழந்தை கடைசிக் கோட்டுக்குப் போய்விட்டது. முதல் சில மாதங்களில் எடை வேகமாக ஏறுவதால்தான் இவ்வளவு வித்தியாசம். ஒரு வயதை ஒட்டி இதே ஒரு மாதப் பிழைக்கு 200 கிராம்தான் மாறும், 11 மாதத்தில் 8.7, 12 மாதத்தில் 8.9. பட்டியலில் 'நிறைந்த மாதம். நடக்கிற மாதம் அல்ல' என்று எழுதி, 'மூன்றாம் மாதம் நடந்தால் 2இல் பார்க்கவும்' என்று எடுத்துக்காட்டும் சேர்த்தேன்.

மூன்றாவது, அடிக்குறிப்பு. குறைமாதக் குழந்தைகளுக்கு 'கரெக்டட் ஏஜ்' பார்க்கவும் என்று கையேட்டில் இருந்தது. அதைத் 'திருத்தப்பட்ட வயது' என்று எழுதினால் சான்றிதழில் வயதை மாற்றியது போல ஒலிக்கிறது. 34 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 40 வாரம் நிறைய 6 வாரம் குறைவு. அந்த 6 வாரத்தைப் பிறந்த நாள் வயதிலிருந்து கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே குறிப்பின் பொருள், நான் அதையே எழுதினேன். அக்கா குழந்தை நிறைமாதம்தான். ஆனாலும் விடக்கூடாது, அதே படம் நாளை பக்கத்து வீட்டுக்குப் போகும்.

"இது வெள்ளைக்காரக் குழந்தைக்குப் போட்ட கணக்கா?" என்று அம்மா கேட்டதற்கும் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். அளவெடுத்தது பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில். இது படத்தில் இல்லாத செய்தி என்பதால் 'படத்தில் இல்லை, நான் சேர்த்தது' என்று தனியாகக் குறித்திருக்கிறேன்.

பட்டியல் முறைக்குக் குறையும் இருக்கிறது. கண் மேலும் கீழும் போக வேண்டும், வயதானவர்களுக்கு அது சிரமம். கைபேசித் திரையில் படமும் பட்டியலும் ஒன்றாகத் தெரிவதில்லை, அதனால் நான் அச்சடித்தே கொடுத்தேன். சுவரில் மாட்டும் பெரிய படம் வேண்டுமானால் மறுபடி வரைவதுதான் சரி, அட்டவணை கிடைக்கும் படமாக இருந்தால். அட்டவணை கிடைக்காத படங்களில் கோட்டிலிருந்து எண்களை மீட்டு வரைந்து எனக்கு அனுபவம் குறைவு. சாய்வாக எடுத்த படமானால் அச்சுகளே கோணலாக இருக்கும், அங்கே எவ்வளவு பிழை வரும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வண்ணப் பட்டைகள் உள்ள வரைபடங்களில், மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரியும். அங்கே 'மேலிருந்து இரண்டாவது பட்டை' என்று இடத்தைச் சொல்லி எழுதுவது நல்லது.

படம் அப்படியே இருந்ததால் இன்னொரு வசதியும் கிடைத்தது. அடுத்த தடவை அக்கா மருத்துவமனையிலிருந்து வீடியோ அழைப்பில் பேசினாள். நர்ஸ் ஆங்கிலத்தில் 15 கோட்டைக் காட்டினார், அம்மா தன் கையிலிருந்த தாளில் அதே 15ஐத் தொட்டு, பக்கத்தில் இருந்த 'இ' அடையாளத்தைக் கீழே தேடிப் படித்தார். புதுப் புள்ளி அந்தக் கோட்டுக்கு மேலேயே இருந்தது.