லேபிள் கிழிந்த இசைத்தட்டு: வேகமா, லேபிளா, வரியா?

பழைய பேப்பர்க் கடையில் கிடைத்த 10 அங்குல அரக்குத் தட்டு அது. ஒரு பக்க லேபிளில் நாயும் குழலும் மட்டும் மிச்சம். பாட்டின் பெயரைக் கரையான் தின்றுவிட்டது. முதல் சில சுற்றுகள் தேய்ந்திருந்ததால் பல்லவியின் சொற்களும் காதில் விழவில்லை. கேட்டதில் ராகம் பேகடா என்பது மட்டும் உறுதி.

முதலில் வேகத்தைப் பார்த்தேன். நிமிடத்துக்கு ‘78’ சுற்று என்று நாம் சொன்னாலும், அந்தக் காலத் தட்டுகள் எல்லாம் சரியாக அந்த வேகத்தில் பதியப்பட்டவை அல்ல. 78-இல் ஓடவிட்டபோது ஹார்மோனியத்தின் சுருதி 5 கட்டைக்கும் 5½ கட்டைக்கும் நடுவில் நின்றது. 76-க்கு இறக்கினால் 5 கட்டை, 80-க்கு ஏற்றினால் 5½ கட்டை. இரண்டும் பொருந்துகின்றன! வேகம் மாறினால் எல்லா ஸ்வரங்களும் ஒரே விகிதத்தில் நகரும், ராகம் மாறாது. ஆகவே பாட்டைக் கண்டுபிடிக்க வேகம் அதிகம் உதவாது. குரல் யாருடையது என்று ஒப்பிடும்போதுதான் அது தேவைப்படும்.

லேபிள் கண்ணுக்கு அழகு, சாட்சிக்குச் சுமார். தேவதை எழுதுகோல் பிடித்திருந்தால் தட்டு பழையது, நாய் வந்தால் அதற்குப் பிந்தியது என்பது வரை சரி. ஆனால் பழைய பதிவையே பல ஆண்டுகள் கழித்து மறுபடி அச்சடித்துப் புது லேபிள் ஒட்டுவார்கள், பட்டியல் எண்ணும் மாறும். அப்போது லேபிள் சொல்வது அச்சடித்த காலத்தை, பாடிய காலத்தை அல்ல.

நான் நம்புவது தட்டில் முள் ஓடும் வரியைத்தான். முதலில் அது பக்கவாட்டில் அசைகிறதா, மேலும் கீழுமாகவா என்று பார்க்க வேண்டும். பழைய பாதே கம்பெனித் தட்டுகள் இரண்டாம் வகை. உள்ளிருந்து வெளியே ஓடுபவையும் அவற்றில் உண்டு. சாதாரண எஃகு முள்ளை வைத்தால் வரியே பாழாகும். என் தட்டு பக்கவாட்டு வகை. வரி முடிந்து லேபிளுக்கு முன் இருக்கும் வெற்று வளையத்தை டார்ச் ஒளியில் சாய்த்துப் பார்த்தேன். அரக்கில் ஓர் எண்ணும், அதன்பின் ஒரு சிறு முக்கோணமும் தெரிந்தன. நாய் லேபிள் கம்பெனியின் தட்டுகளில் முக்கோணம் என்றால் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் முறை மின் ஒலிப்பதிவு. 1925-க்கும் 1930-களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது. எத்தனை முறை லேபிள் மாறினாலும் இந்தப் பதிவு எண் மாறாது.

ஒரே அமர்வில் பாடியவற்றுக்கு எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து விழும். நண்பரின் பெட்டியில் இதற்கு இரண்டு எண் முந்தைய தட்டு இருந்தது, லேபிள் முழுதாக. 76-இல் இரண்டையும் மாறி மாறி ஓட்டினோம்: அதே குரல், அதே ஹார்மோனியம். பாடகியின் பெயர் கிடைத்தது. கம்பெனியின் பழைய தமிழ்ப் பட்டியலில் அவர் பெயருக்குக் கீழே பேகடா ராகத்தில் ஒரே ஒரு பாட்டுதான் இருந்தது.