பெயர் தெரியாத கேசட் பாட்டு: ஆப்பா, கேட்லாக்கா, ஆளா?

என்னிடம் இருந்தது உறையில்லாத ஒரு கேசட். புலம்பெயர்ந்தவர்களின் சின்ன இசைக்குழு ஒன்று பாடியது, அவ்வளவுதான் தெரியும். மூன்று வழிகளில் தேடிப் பார்த்தேன்.

முதலில் ஷாஜாம், பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஆப். இரண்டு நிமிட வேலை என்பதால் இதில் தொடங்குவது சரி, ஆனால் அது தேடுவது பாட்டை இல்லை, பதிவை. ஒலியின் உச்சப் புள்ளிகளை எடுத்து, தன் கிடங்கில் இருக்கும் பதிவுகளோடு ஒப்பிடுகிறது, அதனால் அதே பாட்டின் மேடைப் பதிவு கிடங்கில் இருந்தாலும் உங்கள் கேசட்டுக்குப் பொருந்தாது. கேசட்டில் இன்னொரு வில்லங்கம், வேகம். ஓடும் வேகம் சில சதவீதம் பிசகினாலே கிடங்கில் பாட்டு இருந்தும் 'கிடைக்கவில்லை' என்று வரலாம்.

வேகம் பிசகியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் பதிவானதென்றால், பாட்டின் அடியில் பெரும்பாலும் அந்த 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் Plot Spectrum திறந்து, Size-ஐ 65536 ஆக வைத்துப் பாருங்கள். எனக்கு அந்த ரீங்காரத்தின் உச்சி 51.5-இல் நின்றது, அதாவது டேப் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது, 0.971 மடங்குக்குக் குறைத்தேன். (டேப்பை நிறுத்திய பிறகும் ரீங்காரம் கேட்டால் அது உங்கள் பிளேயருடையது, அளவுக்கு உதவாது.) சரிசெய்த பிறகும் ஷாஜாம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அப்புறம் அதைக் குறை சொல்ல முடியாது, பதிவே கிடங்கில் இல்லை.

பாடல் வரியைத் தேடுபொறியில் போடுவது இந்த மாதிரிப் பாட்டுக்கு ஏறக்குறைய வீண். வரிகளை யாரும் தட்டச்சு செய்து வைத்திருக்க மாட்டார்கள், வைத்திருந்தாலும் vazhkai, vaazhkai, valkai என்று ஆளுக்கொரு எழுத்து.

இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணைய கேட்லாக் வேறு மாதிரி. பாட்டின் பெயர் தெரியாவிட்டாலும் ஸ்டுடியோ, ஒலிப்பதிவாளர், வாத்தியக்காரர் பெயரைப் பிடித்து அவர்கள் வேலை செய்த ஆல்பங்களைப் பார்க்கலாம், சின்ன வட்டத்தில் அதே நாலு பேர்தான் எல்லாவற்றிலும் வாசித்திருப்பார்கள். குறை என்னவென்றால் அதில் இருப்பது ரசிகர்கள் கைப்பட ஏற்றியது. யாரும் ஏற்றாத கேசட் அங்கே இல்லவே இல்லை. அதோடு உள்ளே நுழைய ஒரு பெயராவது வேண்டும்.

அந்தப் பெயரைத் தந்தது ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் சமூக வானொலியில் பாட்டுப் போட்டவர். "இது என்ன பாட்டு?" என்று கேட்டபோது தலையாட்டினார், தெரியவில்லை. இருபது வினாடி இடையிசையை மட்டும் போட்டு "கீபோர்டு யார் வாசிக்கிறது?" என்று கேட்டதும் பெயரைச் சொல்லிவிட்டார்! பாட்டை மறந்தவர்களுக்கும் கூட வாசித்தவரின் கை நினைவிருக்கிறது. அந்தப் பெயரை டிஸ்காக்ஸில் போட்டால் மூன்று கேசட்டுகள் வந்தன, இரண்டாவதில் பாட்டு நீளம் 4:52. வேகத்தைச் சரிசெய்த என் பதிவும் அதே 4:52, சரிசெய்யும் முன் 4:44 காட்டியது.