செண்டுமல்லி நுனி: கிள்ளுவதா, விட்டுவிடுவதா?

ஆயுதபூஜைக்குப் பூ வேண்டும் என்று ஆடி பிறந்ததும் மாடியில் 12 செண்டுமல்லி நாற்று நட்டேன். எல்லாம் உயரமாக வளரும் ஆரஞ்சு ரகம். ஆறு செடியில் நுனியைக் கிள்ளினேன், மீதி ஆறை அப்படியே விட்டேன்.

விட்ட செடிகள் முந்திக்கொண்டன. 45-ஆம் நாளே உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூ. பார்க்க அழகுதான், ஆனால் செடிக்கு அந்த ஒன்றுதான். பக்கக் கிளைகள் நான்கைந்து, அவையும் தாமதமாகவே வந்தன. ஒரு மழைக்காற்றில் தலை கனத்து இரண்டு செடி சாய்ந்தும் போயின.

கிள்ளியவற்றில் முதல் பூ வர இன்னும் பத்து, பன்னிரண்டு நாள் ஆனது. பூவும் கொஞ்சம் சிறிசு. ஆனால் செடிக்கு எட்டு, ஒன்பது கிளை. புரட்டாசியில் ஒரே வாரத்தில் கூடை நிறையப் பறித்தோம். நுனிக்குருத்திலிருந்து கீழே இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன்தான் இலைக்கக்கத்து மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனி போனதும் அவை விழித்துக்கொள்கின்றன.

எப்போது கிள்ளுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நட்டு 25 முதல் 30 நாளில் செடி ஒரு சாண் உயரம் வந்திருக்கும். நுனியில் இரண்டு, மூன்று சென்டிமீட்டரை மட்டும், ஒரு கணுவுக்குச் சற்று மேலே, நகத்தால் கிள்ள வேண்டும். கீழே நான்கைந்து ஜோடி இலை இருக்கட்டும். 'டக்'கென்று ஒடிந்தால் பருவம் சரி. நார் இழுத்துக்கொண்டு தோல் உரிந்தால் தண்டு முற்றிவிட்டது. ஒரு வாரத்தில் இலைக்கக்கங்களில் பச்சைப் புள்ளிகள் புடைக்கும்.

மொட்டு வந்த பிறகு கிள்ளினால்? எதிர்வீட்டு அக்கா அப்படித்தான் செய்தார். கிளை வந்தது, ஆனால் குட்டையாக. ஒவ்வொன்றும் சீக்கிரமே மொட்டு கட்டி நின்றுவிட்டது. அதற்குக் கிள்ளாமலே விட்டிருக்கலாம்.

சாமந்தியில் (செவ்வந்தி என்றும் சொல்வோம்) கணக்கு வேறு. பகல் குறைந்தால்தான் அது மொட்டு கட்டும். அதனால் ஆனி, ஆடியில் நட்டால் நான்கு வாரம் கழித்து ஒரு முறை, கிளைகள் விரல் நீளம் வளர்ந்ததும் இன்னொரு முறை என்று கிள்ள நேரம் இருக்கிறது. மொட்டு கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் கிள்ளினால் அந்தப் பருவத்துப் பூவைத்தான் கிள்ளிப் போடுகிறோம்.

சின்னப் பூ பூக்கும் குட்டைச் செண்டுமல்லியையும், தொட்டிக்கென்றே விற்கும் குட்டை ரகங்களையும் நான் கிள்ளுவதில்லை. அவை தானாகவே புதர் கட்டும். கோயிலுக்கு நாலு பெரிய பூ போதும் என்றாலும் கிள்ள வேண்டாம், ஆனால் மறக்காமல் ஒரு குச்சி கட்டிவிடுங்கள்.